கோபத்தில் எழுதிய புகாரை விசாரிக்கக்கூடிய மனுவாக மாற்றுவது எப்படி

சம்பளச் சீட்டு வந்த அன்று இரவு, சாப்பிட்டு முடித்து, எல்லோரும் படுத்த பிறகு எச்.ஆர். அதிகாரியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பப்படும் செய்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தொழிலாளர் தரப்பில் குறைதீர்க் குழுவில் இருந்தபோது, அப்படிப்பட்ட செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணே, இதுக்குப் பதிலே வரலை" என்று தம்பிகள் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் எழுதியிருந்த விதத்தில், விசாரிப்பவர் போய்ச் சரிபார்க்க ஒன்றும் இருக்காது.

எச்.ஆரில் இருப்பவர் கையில் வருகைப் பதிவு, ஷிஃப்ட் ரோஸ்டர், சம்பளக் கணக்கு, ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்கும் அதிகாரம் ஆகிய நான்கும் இருக்கின்றன. உங்கள் புகாரின் ஒவ்வொரு வரியும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றைத் திறக்க வைக்க வேண்டும். "என்னை வேணும்னே பழிவாங்குறார்" என்ற வரியை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. "பிப்ரவரி 10 அன்று மாலை 5 மணி வரை வேலை செய்தேன்" என்ற வரியை இரண்டு நிமிடத்தில் தேடிவிடலாம்.

ஒரு செய்தியை எடுத்து முழுக்க மாற்றிக் காட்டுகிறேன். நான் பார்த்த பல புகார்களின் சாயலில், இதற்காகவே எழுதிய மாதிரி இது. மார்ச் 5, 2026 இரவு அனுப்பப்பட்டதாக வைத்துக்கொள்வோம்:

"சார், எங்க லைன் லீடர் என்னை வேணும்னே டார்ச்சர் பண்றார். எப்பப் பார்த்தாலும் ஓ.டி. பாருன்னு சொல்றார், காசு மட்டும் வர்றதே இல்ல, அடிச்சுட்டாங்க. லீவு கேட்டா எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் பேசுறார். அவருக்கு வேண்டியவங்களுக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை லீவு. இனிமே என்னால முடியாது, வேலையே வேணாம். நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

முதலில் இதை அழிக்காதீர்கள்

கோபத்தில் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது தவறு. எது உண்மையிலேயே வலித்தது என்பது அதில்தான் இருக்கிறது. அதை ஒரு நோட்டில் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது என்ன?

"வேணும்னே டார்ச்சர்" என்பதற்குப் பதில் வராது. அது மற்ற நான்கு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்து இவர் வந்தடைந்த முடிவு. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் இன்னொருவர் மனதில் என்ன இருந்தது என்று எழுதினால், விசாரணை அங்கேயே திசை மாறிவிடும். லீடர் "எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார். அதோடு பேச்சு முடியும். அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். சம்பவங்கள் சரியாக வரிசைப்பட்டால் படிப்பவரே அந்த முடிவுக்கு வரட்டும்.

"வேலையே வேணாம்" என்ற சொற்களை மனுவில் எந்த வடிவத்திலும் விடக்கூடாது. சோர்வில் சொல்லப்பட்ட அந்த வரியை ராஜினாமா என்று எடுத்துக்கொண்டால் அதை மறுக்க நீங்கள் தனியாக அலைய வேண்டியிருக்கும். ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அப்படி அனுப்பிவிட்டிருந்தால், "மார்ச் 5 இரவு அனுப்பிய செய்தியை ராஜினாமாவாகக் கருத வேண்டாம், நான் தொடர்ந்து பணியில் இருக்கிறேன்" என்று மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தேதிகளைத் தேடி எடுப்பது

மனு எழுதும் வேலையில் பாதிக்கு மேல் இதுதான். "எப்பப் பார்த்தாலும்" என்று சொல்பவரிடம் "எந்தெந்த நாள்?" என்று கேட்டால் முதலில் விழிப்பார். நினைவு தேதியாக இருப்பதில்லை. அது வேறு எதையாவது பிடித்துக்கொண்டு இருக்கும். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்த நாள், "இன்னைக்கு லேட்டாகும்" என்று வீட்டுக்கு அனுப்பிய செய்தி, அன்று ஆட்டோவுக்கு யுபிஐயில் கொடுத்த பணம். இவற்றையெல்லாம் போனில் தேடினால் தேதி கிடைத்துவிடும். எங்கள் மாதிரித் தம்பிக்கும் அப்படித்தான் மூன்று நாட்கள் கிடைத்தன: பிப்ரவரி 10, 12, 19. அவர் ஏ ஷிஃப்ட், காலை 6 முதல் பிற்பகல் 2 வரை. 10ஆம் தேதியும் 19ஆம் தேதியும் 5 மணி வரை, 12ஆம் தேதி 4 மணி வரை இருந்திருக்கிறார். மொத்தம் 8 மணி நேரம்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள், காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். கிழமை பொருந்தாமல் போனால் "இவருக்கே சரியா ஞாபகம் இல்லை" என்று மனு முழுவதையும் சந்தேகிக்க அது ஒன்றே போதும். இரவு ஷிஃப்ட்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12ஆம் தேதி இரவு 10 மணிக்குத் தொடங்கிய ஷிஃப்ட்டில் அதிகாலை 2 மணிக்கு நடந்தது 13ஆம் தேதிச் சம்பவம். ஆனால் ரோஸ்டரில் அது 12ஆம் தேதி சி ஷிஃப்ட். ஆகவே "பிப்ரவரி 12 சி ஷிஃப்ட், 13ஆம் தேதி அதிகாலை சுமார் 2 மணி" என்று இரண்டையும் எழுதினால்தான் விசாரிப்பவர் சரியான பக்கத்தைத் திறப்பார்.

எவ்வளவு தேடியும் நாள் கிடைக்கவில்லை என்றால், இட்டுக்கட்டித் துல்லியமாக்க வேண்டாம். "பிப்ரவரி மூன்றாம் வாரம், மதிய உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு" என்று தெரிந்த அளவுக்கே எழுதுங்கள். நேரத்துக்கு முன்னால் "சுமார்" போடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

"காசு அடிச்சுட்டாங்க" என்பதை என்ன செய்வது

சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இது தானாகவே மாறிவிடும். மார்ச் 5 அன்று வந்த சீட்டில் மிகைநேரம் 2 மணி என்று இருக்கிறது. இவர் செய்தது 8 மணி. வித்தியாசம் 6 மணி. இவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லீடர் பதிவு செய்யாமல் விட்டாரா, பதிவு செய்தும் மேலே அனுமதி வரவில்லையா, சம்பளக் கணக்கில் விட்டுப்போனதா என்பது இவருக்குத் தெரியாது. "அடிச்சுட்டாங்க" என்று எழுதினால் ஒருவரைத் திருடர் என்று சொன்னதாகும். அதை நிரூபிக்க வேண்டிய பாரமும் இவர் தலையிலேயே விழும். "6 மணி நேரம் சீட்டில் வரவில்லை" என்று எழுதினால் ஏன் வரவில்லை என்று விளக்க வேண்டியது நிர்வாகம்.

ஞாயிற்றுக்கிழமை விஷயமும் இதே போல்தான். பிப்ரவரி 8, 22 ஆகிய இரண்டு ஞாயிறும் இவர் வேலைக்கு வந்திருக்கிறார்; மாற்று விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை. இங்கே "மறுத்துவிட்டார்கள்" என்று எழுதுவது ஆபத்து. வார விடுமுறையில் வேலை செய்தவருக்கு அதே மாதத்திலோ அடுத்து வரும் இரண்டு மாதங்களுக்குள்ளோ மாற்று விடுமுறை தர வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து வரும் விதி. பிப்ரவரி விடுப்புக்கு ஏப்ரல் கடைசி வரை அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. "இன்று வரை வழங்கப்படவில்லை; எந்தத் தேதியில் வழங்கப்படும் என்று தெரிவிக்கவும்" என்றால் சரியாகவும் இருக்கும், பதில் சொல்லியே ஆகவேண்டியதாகவும் இருக்கும்.

"அவருக்கு வேண்டியவங்களுக்கு மட்டும்" என்ற பகுதியைப் பற்றி நான் கொஞ்சம் நேரம் கேட்பேன். யாருக்கு? எப்படித் தெரியும்? பலகையில் ஒட்டிய ரோஸ்டரில் நீயே பார்த்தாயா, இன்னொருவர் சொன்னாரா? இந்தத் தம்பி ரோஸ்டரைப் பார்த்திருக்கிறார். ஆனால் வேண்டியவர், வேண்டாதவர் என்பது அவர் ஊகம். எனவே சக தொழிலாளிகளின் பெயரை இழுக்காமல், பிப்ரவரி மாத ஞாயிறு ரோஸ்டரை லைன் முழுவதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டால் போதும். பாகுபாடு இருந்தால் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அடுத்தவர் சொல்லிக் கேட்டதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், "நான் நேரில் பார்க்கவில்லை, இன்னார் என்னிடம் இந்த நாளில் சொன்னார்" என்று எழுதுங்கள். அந்த இன்னாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வசவை மென்மையாக்காதீர்கள்

"அசிங்கமாப் பேசுறார்" என்ற வரியில் எல்லோரும் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். உண்மை விவரம் மட்டும் எழுது என்றால், "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று மரியாதையாக எழுதிவிடுவார்கள். அதில்தான் உண்மை தொலைகிறது. எது தகாத வார்த்தை என்பது ஆளுக்கு ஆள் மாறும். லீடரும் "கொஞ்சம் சத்தமாப் பேசினேன், அவ்வளவுதான்" என்பார். அவர் சொன்ன சொற்களை, சொன்ன பேச்சுவழக்கிலேயே, மேற்கோள் குறிக்குள் போடுங்கள். எழுதக் கை கூசினாலும் போடுங்கள். நிதானமான நடை உங்கள் சொற்களுக்குத்தான். மேற்கோளுக்குள் இருப்பவை அவருடையவை. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொல் அப்படியே இருப்பது இன்னும் முக்கியம். ஏனென்றால் அதற்கு மேல் வேறு சட்டமே இருக்கிறது. மனு ஆங்கிலத்தில் போக வேண்டிய இடமாக இருந்தாலும் மேற்கோளை முதலில் தமிழில் எழுதி, அடுத்து அதன் பொருளைத் தாருங்கள்.

சொற்களோடு இடம், நேரம், கேட்கும் தொலைவில் இருந்தவர்கள், அதற்கு முன் நீங்கள் என்ன சொன்னீர்கள், பின்னர் என்ன செய்தீர்கள் என்பதும் வர வேண்டும். நீங்களும் பதிலுக்குக் கத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். இதில்தான் பலர் தயங்குவார்கள். விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் எடுப்பதே அதைத்தான். நீங்களே முன்னால் சொல்லிவிட்டால் அதன் கூர் போய்விடும். மற்ற வரிகளையும் நம்புவார்கள். நம் தம்பிக்கு பிப்ரவரி 18 அன்று 20 நிமிடம் தாமதமாக வந்ததற்கு மெமோ உண்டு. அதையும் மனுவில் வைத்தோம்.

பாதிப்பைச் சொல்ல இடம் இருக்கிறது

உணர்ச்சியை எடுத்துவிடு என்றால், நடந்தது உங்களை என்ன செய்தது என்று சொல்லக்கூடாது என்று பொருளில்லை. "மனசு உடைஞ்சு போச்சு" என்பதற்குப் பின்னால் ஒரு செயல் இருக்கும். விடுப்பு கிடைக்காததால் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனைக்கு இவர் போக முடியவில்லை. அக்கா தன் வேலையை விட்டுவிட்டு அழைத்துப் போனார். தூக்கம் வரவில்லை என்றால் எந்த நாளிலிருந்து, மருத்துவரைப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள். ஒன்றிரண்டு வரி போதும்.

கடைசியாகக் கோரிக்கை. "ஏதாவது பண்ணுங்க" என்றால் ஒருமுறை கூப்பிட்டு ஆறுதல் சொல்வதும் "ஏதாவது"தான். என்ன செய்தால் பிரச்சினை தீர்ந்ததாக நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று யோசித்து, அதை எழுதுங்கள். "அவரை வேலையை விட்டுத் தூக்குங்கள்" என்று கேட்க வேண்டாம். தண்டனை அவர்கள் முடிவு; அப்படிக் கேட்டால் சொந்தப் பகை என்ற தோற்றமும் வந்துவிடும்.

மாற்றி எழுதிய மனு

> பொருள்: பிப்ரவரி 2026 மிகைநேர ஊதியம், மாற்று விடுப்பு, 24.02.2026 சம்பவம் குறித்த மனு
>
> நாள்: 09.03.2026, திங்கள்
>
> நான் அசெம்பிளி பிரிவில் ஏ ஷிஃப்ட்டில் (காலை 6 முதல் பிற்பகல் 2 வரை) பணிபுரிகிறேன். கீழ்க்கண்டவற்றை விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. லைன் லீடர் வாய்மொழியாகக் கூறியபடி 10.02.2026 செவ்வாய் (மாலை 5 மணி வரை), 12.02.2026 வியாழன் (மாலை 4 மணி வரை), 19.02.2026 வியாழன் (மாலை 5 மணி வரை) ஆகிய நாட்களில் ஷிஃப்ட் முடிந்த பின் மொத்தம் 8 மணி நேரம் வேலை செய்தேன். 05.03.2026 அன்று கிடைத்த சம்பளச் சீட்டில் மிகைநேரம் 2 மணி என்று உள்ளது. மீதி 6 மணி நேரம் சீட்டில் இல்லை. வருகைப் பதிவில் நான் வெளியேறிய நேரத்தைச் சரிபார்க்கலாம்.
>
> 2. 08.02.2026, 22.02.2026 ஆகிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரோஸ்டர்படி பணிக்கு வந்தேன். இவற்றுக்கான மாற்று விடுப்பு இன்று வரை வழங்கப்படவில்லை.
>
> 3. 24.02.2026 செவ்வாய், காலை சுமார் 9.40 மணிக்கு, லைன் பலகை அருகே, 27.02.2026 வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு கேட்டேன். என் தாயாரின் மருத்துவமனைப் பரிசோதனையைக் காரணமாகச் சொன்னேன். லைன் லீடர், "உனக்கெல்லாம் எதுக்குடா வேலை, வீட்லயே கெடக்க வேண்டியதுதானே, சோம்பேறி நாயே" என்று கூறினார். அப்போது பக்கத்து இயந்திரங்களில் இரண்டு பணியாளர்கள் இருந்தனர். அவர்கள் பெயர்களை விசாரணையின்போது தெரிவிக்கிறேன். நான் பதில் பேசாமல் வேலைக்குத் திரும்பினேன். விடுப்பு கிடைக்கவில்லை. 27ஆம் தேதி என் சகோதரி தன் வேலைக்கு விடுப்பு எடுத்துத் தாயாரை அழைத்துச் சென்றார்.
>
> 4. 18.02.2026 அன்று 20 நிமிடம் தாமதமாக வந்ததற்காக எனக்கு மெமோ வழங்கப்பட்டது. அதை ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டுள்ளேன்.
>
> என் கோரிக்கைகள்: விடுபட்ட 6 மணி நேரத்துக்குச் சட்டப்படியான மிகைநேர ஊதியம், இரண்டு மாற்று விடுப்புகளுக்கான தேதி, பிப்ரவரி மாத ஞாயிறு ரோஸ்டரை லைன் முழுவதற்கும் ஒப்பிட்டுப் பார்ப்பது, 24ஆம் தேதிச் சம்பவம் குறித்து விசாரணை.
>
> 05.03.2026 இரவு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ராஜினாமாவாகக் கருத வேண்டாம்.
>
> இணைப்பு: சம்பளச் சீட்டு நகல்.

சாட்சிகள் பெயரை இங்கே எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிகள் என்றால் மனு மேசை மேசையாகப் போகும்போதே அவர்களுக்குச் சிக்கல் வரலாம். ஆட்கள் இருந்தார்கள் என்பது எழுத்தில் இருந்தால் போதும். பெயரை நேரில் சொல்லலாம்.

ரோஸ்டரைப் போட்டோ எடுத்து இணைக்கலாமே என்று கேட்பார்கள். பல தொழிற்சாலைகளில் உள்ளே போனில் படம் எடுப்பதே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. அப்படி எடுத்த படம் லீடரின் தவறை விட்டுவிட்டு உங்கள் தவறைப் பேச வைத்துவிடும். ஆவணம் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டினால் போதும்.

எழுதி முடித்ததும் ஒரு இரவு வைத்திருங்கள். மறுநாள் காலையில் "எப்போதும்", "ஒருபோதும்", "வேண்டுமென்றே", "எல்லோரும்" ஆகிய சொற்கள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு வேறு பிரிவில் இருக்கும், இந்தக் கதை தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்து, என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் "அது எந்த நாள்?", "யாரு?" என்று கேட்கும் இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது.

எங்கே கொடுப்பது

பெண் தொழிலாளிக்குப் பாலியல் தொந்தரவு இருந்தால் இந்த வழியே வேண்டாம். அது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குத் தனியாகப் போக வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. காரணம் சொன்னால் குழு இன்னும் 3 மாதம் நீட்டலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. ஊதியம், விடுப்பு மனுவுக்கு நடுவில் மூன்றாவது பத்தியாக அதை வைத்துவிட்டால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நாள் கடந்துவிடும்.

மற்றவற்றுக்கு எச்.ஆர். மின்னஞ்சல்தான் நல்ல வழி, ஏனென்றால் அனுப்பிய நேரம் அதிலேயே பதிவாகிவிடும். தாளில் கொடுத்தால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். கையொப்பம் தர மறுத்தால் அதே தாளை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் அந்தக் குழுவிடம் மனு கொடுக்கலாம். குழு நடவடிக்கையை முடிக்க 30 நாள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பிப்ரவரி 10இலிருந்தே அந்த ஓர் ஆண்டு எண்ணப்படலாம் என்பதால், எச்.ஆர். பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

மனுவைப் பார்த்ததும் "வாப்பா, பேசிக்கலாம்" என்று அறைக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், பேசுங்கள். வெளியே வந்த அன்றே அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, "இன்று காலை 11 மணிக்கு நடந்த சந்திப்பில், 6 மணி நேர ஊதியம் மார்ச் மாதச் சம்பளத்தில் சேர்க்கப்படும் என்று தெரிவித்தீர்கள், 24ஆம் தேதிச் சம்பவம் பற்றி விசாரித்து ஒரு வாரத்தில் சொல்வதாகக் கூறினீர்கள். நான் புரிந்துகொண்டது தவறாக இருந்தால் திருத்தவும்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழிந்தும் பதில் இல்லை என்றால் அந்த மின்னஞ்சலின் மேலேயே, தேதியை மட்டும் குறிப்பிட்டு, இரண்டு வரியில் நினைவூட்டுங்கள்.